நாலு கோடு காட்டிய போனில்தான் நெட் ஓடவில்லை

என் தங்கையின் நீல போனில் சிக்னல் கோடு நாலும் நிரம்பி நின்றது. என் கறுப்பு போனில் இரண்டுதான். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் சிம். இரண்டும் பின்னறை மேசையில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. அவளுடையதில் வீடியோ வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தது. என்னுடையதில் அதே வீடியோ தொட்டதும் ஓடியது.

"உன் சிம்முக்கு மட்டும் தனியா வேகம் விடுறாங்களாண்ணா?" என்றாள்.

"போன் பழசு, அதான்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அதே போன் வீட்டு வைஃபையில் நன்றாகவே ஓடுகிறது. பழசு என்றால் அங்கேயும் திணற வேண்டுமே. சரி, பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நாலு மாலைகள் போயின. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், நடுவில் நான் தப்புத் தப்பாக முடிவு கட்டியதையும் சேர்த்து.

முதல் வேலை, ஒழுங்காக அளப்பது. இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது தப்பு. இரண்டும் ஒரே டவரின் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒன்று இழுப்பது மற்றதன் பங்கிலிருந்துதான் போகும். அதனால் மாற்றி மாற்றி ஓட்டினேன்: கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று, மறுபடி கறுப்பு. ஆளுக்கு ஐந்து முறை. வைஃபை அணைத்தேன், டேட்டா சேவரை அணைத்தேன், நீல போனில் இருந்த இரண்டாவது சிம்மைக் கழற்றி வைத்தேன். டெஸ்ட் செய்யும் சர்வரையும் கையால் ஒன்றையே தேர்ந்தெடுத்தேன். தானாக விட்டால் இரண்டு போனும் வேறு வேறு சர்வரைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

கறுப்பு: 58, 61, 55, 63, 60. நீலம்: 7, 9, 6, 8, 8. எல்லாம் எம்பிபிஎஸ் கணக்கு. நடு எண்ணை எடுத்தால் 60-க்கு 8. ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். கொஞ்சம் ஏறி இறங்கும் சமாச்சாரம் இல்லை இது.

அடுத்தது சிம்மை மாற்றிப் போடுவது. இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். வேகம் சிம்மோடு கூடவே போனால் காரணம் திட்டத்தில் இருக்கிறது: அன்றைய டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள், அல்லது அந்தத் திட்டத்துக்கு நெரிசலில் முன்னுரிமை குறைவு. அப்படியானால் போனை நோண்டிப் பயனில்லை. மாற்றிப் போட்டேன். அவள் சிம்மோடு கறுப்பு 57. என் சிம்மோடு நீலம் 9. ஆக, வேகம் சிம்மோடு போகவில்லை, போனோடுதான் நிற்கிறது.

"பாத்தியா, உன் சிம்முல ஒண்ணும் குறையில்ல."

"அப்போ போன்தான் போச்சா?" முகம் இன்னும் வாடியதுதான் மிச்சம்.

நீல போனின் கவரைப் பார்த்தேன். கார் ஸ்டாண்டில் காந்தத்தில் ஒட்டவைக்க, கவருக்கும் போனின் முதுகுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகடு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேல் பாதியில், கேமராவுக்குச் சற்றுக் கீழே. ஆண்டெனாக்கள் போனின் விளிம்புகளை ஒட்டி இருப்பவை. பக்கத்தில் இரும்பு உட்கார்ந்தால் அவற்றின் இசைவு கெடும். கண்டுபிடித்துவிட்டேன் என்று கவரைத் தகட்டோடு கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

8. 9. 8.

ஒரு மாற்றமும் இல்லை. தகடு குற்றவாளி இல்லை என்று குறித்துக்கொண்டு கவரை மாட்டிவிட்டேன். இந்த முடிவு தப்பு என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோடுகளை நம்பிப் பயனில்லை என்று புரிந்தது. எத்தனை டிபிஎம்முக்கு, அதாவது சிக்னல் வலுவின் எந்த அளவுக்கு, எத்தனை கோடு என்று பொது விதி எதுவும் கிடையாது. போன் செய்பவர்களும் நெட்வொர்க்காரர்களும் தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்வது. அதனால் எண்ணையே பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் டயல் பக்கத்தில் `*#*#4636#*#*` என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும் (சில மாடல்களில் அடைத்து வைத்திருப்பார்கள்). ஐபோனில் `*3001#12345#*` அடித்து அழைப்புப் பொத்தானைத் தொட வேண்டும். நான் கணினியில் கேபிளைச் சொருகி, டெவலப்பர் அமைப்பில் யூஎஸ்பி டிபக்கிங்கைத் திறந்துவிட்டு, adb என்ற கருவியால் இந்த ஒரு வரியை ஓட்டினேன். போனில் எதையாவது டவுன்லோடு போட்டுவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்ட வேண்டும். சும்மா இருக்கும் போன் ஒரே ஒரு அலைவரிசையைத்தான் பிடித்திருக்கும்; கூடுதல் அலைவரிசைகளை டேட்டா பாயும்போதுதான் டவர் சேர்த்துக் கொடுக்கும்.

```
adb shell "dumpsys telephony.registry | grep -i PhysicalChannel"
```

கறுப்பு போன் சொன்னது, தேவையற்றதை வெட்டிவிட்டு:

```
PrimaryServing,   mCellBandwidthDownlinkKhz=20000, mDownlinkChannelNumber=1300, mBand=3
SecondaryServing, mCellBandwidthDownlinkKhz=10000, mDownlinkChannelNumber=300,  mBand=1
```

நீல போன் சொன்னது:

```
PrimaryServing,   mCellBandwidthDownlinkKhz=5000, mDownlinkChannelNumber=3500, mBand=8
```

பார்த்த உடனே பாதிக் கதை விளங்கிவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே இடம் என்றால் இரண்டு போனும் ஒரே டவரிலிருந்து ஒரே அலையைக் கேட்கின்றன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒரு டவரின் உச்சியிலிருந்து ஒரே நிறுவனம் பல அலைவரிசைகளை அனுப்பும். ஒவ்வொன்றும் தனித் தனிச் சாலை மாதிரி. இங்கே பேண்ட் 8 என்பது 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது. பேண்ட் 3 என்பது 1800 பக்கம், பேண்ட் 1 என்பது 2100 பக்கம். சேனல் எண்ணிலிருந்து சரியான இடத்தையே கணக்குப் போட்டு எடுக்கலாம். பேண்ட் 3-இல் எண்கள் 1200-இல் தொடங்கும், அது 1805 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வோர் எண்ணுக்கும் 0.1 கூடும். 1300 என்றால் 1815. பேண்ட் 8-இல் 3450 என்பது 925; ஆகவே 3500 என்றால் 930.

இப்போது அகலத்தைப் பாருங்கள். கறுப்பு 20-உம் 10-உம் சேர்த்து 30 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வாங்குகிறது. நீலம் 5. ஆறு மடங்கு. 4ஜியில் ஒரு தனி அலைவரிசையின் அதிகபட்ச அகலமே 20 தான். இரண்டு ஆண்டெனாவில் சாதாரண முறையில் வாங்கும் போனுக்கு, 20 அகலத்தில் எல்லாமே கச்சிதமாக அமைந்தால் 150 எம்பிபிஎஸ் உச்சம். 5 அகலத்தில் உச்சமே சுமார் 37. அந்த 37-ஐயும் அந்தச் சாலையில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி சிக்னல் எண். வலுவைச் சொல்லும் RSRP நீலத்தில் −86. கறுப்பினுடையது −107. இது எதிர்மறை எண், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகப் போக வலு அதிகம். 21 டெசிபெல் வித்தியாசம் என்றால் நீல போனுக்குச் சிக்னல் நூறு மடங்குக்கும் அதிக வலுவாக விழுகிறது. நாலு கோடு காட்டியதில் தப்பே இல்லை. 900-இன் அலை நீளமானது, சுவரைத் தாண்டி உள்ளறை வரை சுலபமாக வந்துவிடும். 1800 சுவரில் நிறைய இழக்கும். ஆனால் அந்த நல்ல குணம்தான் 900-க்கு வினையாகிறது. உள்ளறைகளில் இருக்கும் போன்கள், தூரத்தில் இருக்கும் போன்கள், வேறெதுவும் எட்டாத போன்கள் எல்லாம் அந்த ஒல்லியான 5-க்குள் வந்து விழுகின்றன. அதோடு பக்கத்து டவர்களின் 900-உம் அதே மாதிரி தூரம் போய் ஒன்றின் மேல் ஒன்று விழும். சிக்னலின் தரத்தைச் சொல்லும் RSRQ நீல போனில் −15 என்று இருந்தது, கறுப்பில் −11. சத்தம் பலமாகக் கேட்கிறது, ஆனால் இரைச்சலும் நெரிசலும் கூடவே வருகின்றன. சிக்னல் கோடு அந்தச் சத்தத்தை மட்டும்தான் பெரும்பாலும் காட்டுகிறது.

நெரிசல் என்று ஊகமாகச் சொல்கிறோமே, அதைச் சோதிக்க முடியுமா? முடியும், தூக்கத்தை விட்டால். அன்று இரவு ஒரு மணிக்கு அதே மேசையில், அதே பேண்ட் 8-இல்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, நீல போனில் ஐந்து முறை ஓட்டினேன். நடு எண் 19. மாலையில் 8 தந்த அதே போன், அதே 5 மெகாஹெர்ட்ஸ். ஊர் தூங்கினால் இரண்டு மடங்குக்கு மேல். ஆக போன் உடையவில்லை. தப்பான சாலையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் கேள்வி மாறுகிறது. நீல போனுக்குப் பேண்ட் 3 தெரியாதா? விவரக் குறிப்பில் பார்த்தேன்: பேண்ட் 1, 3, 8 எல்லாமே இருக்கின்றன. தெரிந்தும் ஏன் போகவில்லை?

முதலில் நான் செய்தது ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுத்தது. நேராக மறுபடி 3500-இல் போய் உட்கார்ந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போன் திரும்ப விழிக்கும்போது கடைசியாக எந்த அலைவரிசையில் இருந்தது என்ற நினைவிலிருந்துதான் தேடத் தொடங்கும். அங்கே கிடைத்துவிட்டால் அதோடு சரி. "ஏர்பிளேன் மோட் போட்டு எடுத்தால் நெட் வேகமாகும்" என்பது சில நேரம் பலிக்கிறது, சில நேரம் பலிக்காது, காரணம் இதுதான். 4636 பக்கத்தில் "LTE only" என்றும் மாற்றிப் பார்த்தேன். அதுவும் உதவாது, ஏனென்றால் பேண்ட் 8-உம் 4ஜிதான். உதவாதது மட்டுமில்லை, 4ஜியில் குரல் அழைப்பு வேலை செய்யாத போனில் அப்படி வைத்து மறந்துவிட்டால் அழைப்பே வராது. பழையபடி மாற்றி வைத்தேன்.

அடுத்த நாள் நீல போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கவரோடுதான். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, எதையும் தொடாமல் ஒரு நிமிடம் காத்திருந்தேன். 3500 என்று இருந்த எண் 1300 என்று மாறியது. பேண்ட் 3. RSRP −98. நாலு கோடு மூன்றாகக் குறைந்தது. டெஸ்ட் ஓட்டினேன்: 31.

கோடு குறைந்தது, வேகம் நாலு மடங்கானது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்போ நான் தினமும் ஜன்னல்லயே உட்காரணுமா?" அவள் கவலை அவளுக்கு.

போனை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன். மறுபடி பேண்ட் 8. இங்கேதான் விஷயம் சுவாரசியமானது. எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மொபைல் டேட்டாவை அணைத்தேன், ஏனென்றால் டேட்டா ஓடும்போது எங்கே போவது என்று தீர்மானிப்பது டவர். சும்மா இருக்கும்போது டவர் முன்கூட்டியே அறிவித்து வைத்திருக்கும் விதிப்படி போனே தீர்மானித்துக்கொள்ளும். 4636 பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எண்ணைப் புதுப்பிப்பது என்று அதிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. அதை மாற்றாவிட்டால் எண் உறைந்து நிற்கும், நாம் ஏமாந்து போவோம். அப்புறம் ஜன்னலிலிருந்து மேசைக்கு அடி அடியாக நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் இருபது விநாடி நிற்க வேண்டும். அவசரப்பட்டால் போன் முடிவெடுக்கும் முன்னால் நாம் அடுத்த இடத்துக்குப் போயிருப்போம்.

போகும்போது பேண்ட் 3 மெல்ல மெல்ல இறங்கியது: −98, −101, −106, −109. −112 வாக்கில் வந்ததும் பேண்ட் 8-க்குத் தாவியது. திரும்பி ஜன்னலை நோக்கி நடந்தேன். அதே இடத்தில் திரும்ப ஏற வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஏறவில்லை. இன்னும் நாலு அடி ஜன்னல் பக்கம் போன பிறகுதான் ஏறியது. ஏறியதும் காட்டிய எண் −105. நாலு முறை நடந்தேன். ஒன்றிரண்டு டெசிபெல் முன்னே பின்னே இருந்தாலும் இதேதான்: விழுவது −112 பக்கம், ஏறுவது −105 பக்கம்.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த இடைவெளி. ஒரே எண்ணில் விழவும் ஏறவும் வைத்தால் எல்லைக்கோட்டில் இருக்கும் போன் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும், பேட்டரி தீரும். அதனால் கீழே விழ ஒரு வரம்பு, மேலே ஏற அதைவிட உயர்ந்த வரம்பு. எந்த அலைவரிசைக்கு முன்னுரிமை, வரம்பு எவ்வளவு என்பதை டவரே ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். நெட்வொர்க்குக்கு நெட்வொர்க், டவருக்கு டவர் அது மாறும். ஆகவே என் −112-ஐயும் −105-ஐயும் உங்கள் வீட்டில் தேடாதீர்கள். நடந்து பார்த்து உங்களுடையதைக் கண்டுபிடியுங்கள்.

அந்த இடைவெளியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளுக்கு முன்னால் தகட்டைக் கழற்றி மேசையில் சோதித்தேனே, அப்போது போன் ஏற்கெனவே பேண்ட் 8-இல் விழுந்து கிடந்தது. தகட்டை எடுத்ததால் பேண்ட் 3 கொஞ்சம் வலுவாகக் கேட்டிருந்தாலும், −105-ஐத் தொடாவிட்டால் போன் ஏறவே ஏறாது. நான் கைவைத்த பிறகு ஒன்றும் மாறவில்லை என்பதை வைத்துத் தகட்டை விடுதலை செய்துவிட்டேன். சோதனையே செல்லாது.

மறுபடி செய்தேன், இந்த முறை சரியான வரிசையில். கவரோடு ஜன்னலுக்குப் போய்ப் பேண்ட் 3-இல் ஏற்றி, மேசைக்குக் கொண்டுவந்தேன். விழுவதற்கு முன் கடைசியாகக் காட்டிய எண் −114. விழுந்தது. கவரையும் தகட்டையும் கழற்றி, மறுபடி ஜன்னலில் ஏற்றி, மேசைக்குக் கொண்டுவந்தேன். −108. கொஞ்சம் ஆடியது, −109, −107, −108. விழவில்லை. தகடு மட்டும் இல்லாமல் வெறும் கவரோடு செய்தேன்: அதே −108. கவர் ஒன்றும் செய்யவில்லை, தகடுதான் 6 டெசிபெல்லைத் தின்றிருக்கிறது. பேண்ட் 8-இல் அதே தகடு ஒரு டெசிபெல் கூடத் தின்னவில்லை. ஆண்டெனாவின் எந்தப் பகுதி எந்த அலைக்கு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரே தகடு ஒரு பேண்டைக் கெடுத்து இன்னொன்றைத் தொடாமல் விடும்.

6 டெசிபெல் என்பது வலுவில் கால் பங்காகக் குறைவது. சாதாரணமாக ஒரு போனுக்கும் இன்னொரு போனுக்கும் ஆண்டெனா தரத்திலேயே இந்த அளவு வித்தியாசம் இருக்கும், வேகத்தில் அது கொஞ்சம்தான் தெரியும். ஆனால் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மேசையில் அதே 6 டெசிபெல், போனை ஒரு சாலையிலிருந்து இன்னொரு சாலைக்குத் தள்ளிவிடுகிறது. 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்கு. இதனால்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு போனுக்குள் வேகம் பத்து இருபது சதவீதம் மாறாமல், ஒரேயடியாக ஏழு எட்டு மடங்கு மாறுகிறது. படி இறங்குவது மாதிரி இல்லை, விளிம்பில் கால் வைப்பது மாதிரி.

தகட்டை எடுத்த பிறகு மேசையில், மாலை நெரிசலில், நீல போன் தந்தது 22. எட்டிலிருந்து இருபத்திரண்டு. காசு செலவில்லை. கார் ஸ்டாண்டுக்கு இருபுறமும் பிடிக்கும் கவ்வி வகை ஒன்று வீட்டிலேயே கிடந்தது, அதை மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

சரி, 22-க்கும் 60-க்கும் நடுவில் இன்னும் இருக்கிறதே. அந்த மிச்சத்தையும் பார்த்தேன். கறுப்பு −107, நீலம் −108. இப்போது இருவரும் ஒரே பேண்டில், ஏறக்குறைய ஒரே வலுவில். ஆனாலும் கறுப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம். முதல் காரணம் மேலே அந்த இரண்டாவது வரியில் இருக்கிறது: `SecondaryServing`. கறுப்பு பேண்ட் 3-ஐயும் பேண்ட் 1-ஐயும் ஒரே நேரத்தில் சேர்த்து இழுக்கிறது. நீல போனின் மோடம் கேட்டகரி 4 வகை. அதற்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு அலைவரிசைதான். கேட்டகரி 6-இலிருந்துதான் இரண்டைச் சேர்க்கும் வசதி பரவலாக வந்தது. இரண்டாவது காரணம், கறுப்பு பேண்ட் 3-ஐ நாலு ஆண்டெனாவில் கேட்கிறது, நீலம் இரண்டில். பலவீனமான சிக்னலில் நாலு காது இருப்பது பெரிய உதவி. இவை இரண்டும் வன்பொருள். அமைப்பில் எதைத் தட்டினாலும் வராது, எந்த ஆப்பும் தராது.

வன்பொருளில் இருந்தும் வராத போன்களும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். எந்தெந்தப் பேண்டுகளைச் சேர்த்து இழுக்கலாம் என்று மோடத்துக்குள் ஒரு பட்டியல் இருக்கும், நெட்வொர்க் வாரியாக. ஒரு நாட்டுக்காகச் செய்த மாடலை இன்னொரு நாட்டில் வாங்கிப் பயன்படுத்தினால் அங்கிருக்கும் நெட்வொர்க்கின் சேர்க்கை அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அடையாளம் சுலபம்: டவுன்லோடு ஓடும்போது எத்தனை முறை பார்த்தாலும் `SecondaryServing` வரியே வராது, விவரக் குறிப்பில் மட்டும் பெரிய பெரிய எண் இருக்கும். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இழுக்கும் டேட்டா கொஞ்சமாக இருந்தால் டவர் இரண்டாவதைத் திறந்தே விடாது.

இந்தச் சேர்க்கையின் இன்னொரு லாபம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஒரு காலை கறுப்பு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே நடமாடிவிட்டு மேசையில் வைத்தேன். உடம்பு மறைத்ததில் அதுவும் பேண்ட் 8-க்கு விழுந்திருந்தது. −107-இல் திரும்ப ஏற வழியில்லை. அகப்பட்டது என்று டெஸ்ட் ஓட்டினால் 43. எப்படி? `dumpsys` பார்த்தேன். முதன்மை பேண்ட் 8, 5 அகலம். துணையாகப் பேண்ட் 3, 20 அகலம். தப்பான சாலையில் நின்றாலும் டேட்டா கேட்ட உடனே டவர் பெரிய சாலையைப் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. நீல போனுக்கு அந்தச் சலுகை இல்லை. அது எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்க வேண்டும். புதுப் போனும் பழைய போனும் ஒரே மாதிரிதான் தடுக்கி விழுகின்றன. புதியதற்கு விழுந்தது வெளியே தெரிவதில்லை.

நீல போன் இப்போதும் விழுகிறது. −108-க்கும் −112-க்கும் நடுவில் நாலு டெசிபெல்தான் மிச்சம்; கையால் மேல் விளிம்பை மூடிப் பிடித்தால் போதும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் "மறுபடி சுத்துதுண்ணா" என்று வருவாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய் ஒரு நிமிடம் வைத்துவிட்டு வரச் சொல்கிறேன், சரியாகிவிடுகிறது. சில போன்களில் பேண்ட் 8-ஐ அணைத்து வைக்க மறைவான பக்கம் இருக்கிறது, இதில் இல்லை. இருந்தாலும் செய்திருக்க மாட்டேன், லிஃப்டுக்குள்ளும் தரைக்குக் கீழேயும் அவளுக்கு அழைப்பு வருவது அந்த 900-ஆல்தான்.

நேற்று மேசையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். தடையில்லாமல் ஓடியது. நடுவில் திரையின் மேல் மூலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, முன்னாடியெல்லாம் நாலு கோடு இருக்கும். நீ கழட்டினதுல இருந்து ரெண்டுதான் காட்டுது. என்ன பண்ணி வச்ச?"